சத்தமே இல்லாத லேப்டாப்: போர்டைச் சந்தேகிக்கும் முன் மிச்ச மின்சாரத்தை வடித்துப் பார்க்கும் முறை

ஆடிக் காற்றும் சாரலும் சேர்ந்து அடிக்கிற நாட்களில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கமெல்லாம் கரண்ட் போய்ப் போய் வரும். அந்த நாட்களில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சுண்ணே, காலையில பட்டனை அமுக்கினா சத்தமே இல்ல."

பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடிக்கும் வைத்தியம் பலருக்கும் தெரியும். ஆனால் பேட்டரி உள்ளே இணைந்தே இருக்க அமுக்கிவிட்டு, பலிக்கவில்லை என்றதும் 'போர்டு போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எதை முதலில் கழற்றுவது, எதை முதலில் மாட்டுவது என்ற வரிசையில்தான் இந்த வேலை முழுக்க நிற்கிறது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. உண்மையிலேயே உயிர் இல்லையா என்று பாருங்கள்

திரை கறுப்பாக இருப்பதும் லேப்டாப் செத்திருப்பதும் வேறு வேறு. சார்ஜரை மாட்டி, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கிவிட்டு, இருட்டான இடத்தில் வைத்துப் பாருங்கள். பட்டன் விளக்கு எரிகிறதா? மின்விசிறி ஒரு நொடியாவது சுற்றுகிறதா? கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு மாறுகிறதா? செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்தால் மங்கலாக ஏதாவது தெரிகிறதா?

இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கோளாறு ரேமிலோ, திரையிலோ, திரை ஒயரிலோ இருக்கலாம். அதற்கான சோதனைகள் வேறு. எந்த விளக்கும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

2. கையில் வேண்டியவை, கை வைக்கக் கூடாத நேரம்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய ஏடிஎம் கார்டு, பேப்பர் கிளிப், கழற்றும் ஸ்க்ரூக்களை வரிசையாக வைக்க ஒரு வெள்ளைத் தாள். இவ்வளவு போதும். வாரன்டி இருக்கும் லேப்டாப் என்றால் மூடியைத் திறக்கும் ஏழாவது படிக்குப் போகாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு நிலைமைகளில் இந்த முறையையே தொடக் கூடாது. ஒன்று, தண்ணீரோ டீயோ உள்ளே போயிருந்தால். ஈரம் இருக்கும்போது சார்ஜரை மாட்டிப் பார்ப்பதுதான், தப்பித்திருக்க வேண்டிய போர்டைக் கெடுக்கிறது. சாரலில் நனைந்த பைக்குள் இருந்த லேப்டாப்பும் இந்தக் கணக்குத்தான். இரண்டு, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ, அடிமூடி உப்பிக்கொண்டோ இருந்தால். அது பேட்டரி வீங்கியதன் அறிகுறி. அதை அமுக்கவோ நெம்பவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது.

3. அடாப்டர் நல்லது என்று உறுதி செய்யுங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மின்சாரத்தை வடித்த பிறகு லேப்டாப்பை எழுப்பப் போவது அடாப்டர்தான். அதுவே கெட்டிருந்தால் வடித்ததின் பலன் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இன்வெர்ட்டர் லைன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சுவர் ப்ளக்கில் மாட்டுங்கள். சுவரிலிருந்து அடாப்டர் கட்டைக்கு வரும் ஒயரைக் கட்டையில் அழுத்திச் செருகுங்கள். அந்த இடம் லேசாக நழுவியிருப்பதே பல நேரம் முழுக் காரணமாக இருக்கும்.

அப்புறம் மல்டிமீட்டரை டிசி வோல்டேஜில், 200 என்ற அளவில் வையுங்கள். 20 என்ற அளவில் வைத்தால், 20 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும் அடாப்டருக்கு மீட்டர் வெறும் 1 காட்டும். அதைப் பார்த்து அடாப்டரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. உருளை முனை கொண்ட அடாப்டரில் வெளிச்சுற்று நெகட்டிவ், உள்சுவர் பாசிட்டிவ். அடாப்டரின் மேல் 19, 19.5, 20 என்று எதை அச்சடித்திருக்கிறார்களோ அதை ஒட்டி ரீடிங் வர வேண்டும். டெல், ஹெச்பி அடாப்டர்களின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது அடாப்டரை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டும் கம்பி, மின்சாரம் தருவதல்ல. மீட்டரின் முனையை அதில் வைக்காமல் உள்சுவரில் வையுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி சார்ஜர் என்றால் இந்தச் சோதனை செல்லாது. மறுமுனையில் ஒரு கருவி இருப்பது தெரிந்த பிறகுதான் அது மின்சாரத்தையே திறந்துவிடும். அதனால் நல்ல சார்ஜரிலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். ஒரு செல்போனை அதில் போட்டுச் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆனால் லேப்டாப்பை எழுப்ப அதற்குரிய 45 அல்லது 65 வாட் சார்ஜர்தான் வேண்டும். சாதாரண செல்போன் சார்ஜரை லேப்டாப்பில் மாட்டிச் சோதித்துப் பயனில்லை.

4. அடாப்டர் விளக்கைக் கவனியுங்கள்

அடாப்டரில் சின்ன விளக்கு இருந்தால், லேப்டாப்பில் மாட்டும் நொடியில் அதைப் பாருங்கள். விளக்கு அப்படியே எரிந்தால் நல்லது, தொடரலாம்.

மாட்டியதும் விளக்கு அணைந்துவிட்டாலோ, மினுக்கினாலோ, அடாப்டருக்குள் 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம் கேட்டாலோ, லேப்டாப் பக்கம் ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்துகிறது. சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டு, இன்னொருமுறை மட்டும் மாட்டிப் பாருங்கள். அதே போல அணைந்தால் பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் அந்த ஷார்ட் போகாது. ஏழாவது படியில் சொல்கிறபடி பேட்டரியைத் துண்டித்துவிட்டு, நேராகப் பத்தாவது படிக்குப் போங்கள்.

5. வடிப்பது எதை

லேப்டாப் அணைந்திருக்கும்போதும் அதற்குள் ஒரு சின்னச் சிப் விழித்திருக்கும். எம்பெடட் கன்ட்ரோலர் என்று பெயர், மெக்கானிக்குகள் ஈசி என்பார்கள். பவர் பட்டனைக் கவனிப்பது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, சார்ஜ் விளக்கை எரிய வைப்பது எல்லாம் அதன் வேலை. நாம் பட்டனை அமுக்கும்போது நேராக மின்சாரத்தை ஆன் செய்வதில்லை. ஈசி-யிடம் கேட்கிறோம், அதுதான் திறந்துவிடுகிறது.

கரண்ட் படபடவென்று போய் வரும்போதோ, தூக்க நிலையில் இருக்கும் லேப்டாப்பில் பேட்டரி அடியோடு இறங்கும்போதோ இந்த ஈசி அரைகுறை நிலையில் உறைந்துபோகலாம். அதன் பிறகு பட்டனை அமுக்கினால் கேட்க ஆள் இல்லை. போர்டில் எந்தப் பாகமும் எரிந்திருக்காது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் செத்த போர்டு மாதிரியேதான் இருக்கும்.

உறைந்த ஈசி-யைத் தெளிய வைக்க ஒரே வழி, அதற்கு மின்சாரமே இல்லாமல் செய்வது. அதற்குக் கரண்ட் வரும் வழிகள் மூன்று: அடாப்டர், பேட்டரி, போர்டின் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மிச்சம். முதல் இரண்டையும் கழற்றிய பிறகு பட்டனை அமுக்கிப் பிடித்தால், எழுந்திருக்க முயலும் சுற்றுகளே அந்த மிச்சத்தை உறிஞ்சிவிடும். பேட்டரி உள்ளே இருந்தால் ஒரு பக்கம் வடிய வடிய இன்னொரு பக்கம் நிரம்பிக்கொண்டே இருக்கும். பேட்டரியோடு அமுக்கியவர்களுக்குப் பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

6. திறக்காமல் செய்யக்கூடியது

முதலில் லேப்டாப்பில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள்: மவுஸின் ரிசீவர், பென்டிரைவ், ஹெச்டிஎம்ஐ ஒயர், மெமரி கார்டு. ஷார்ட்டான ஒரு பென்டிரைவே லேப்டாப்பை எழவிடாமல் செய்யும்.

பழைய மாடலில் பேட்டரி வெளியே கழன்று வரும் என்றால் வேலை சுலபம். சார்ஜரைப் பிடுங்கி, அடியிலுள்ள தாழ்ப்பாள்களைத் தள்ளிப் பேட்டரியை எடுத்துவிட்டு, பட்டனை 30 விநாடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். விட்டு விட்டு அமுக்குவதில் பயனில்லை.

பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில், அடிமூடியில் ஊசித்துளை இருக்கிறதா என்று தேடுங்கள். ஏசர் லேப்டாப்கள் பலவற்றில் பேட்டரிப் படத்தோடும், லெனோவா திங்க்பேட் மாடல்கள் பலவற்றிலும் இப்படி ஒரு ரீசெட் துளை உண்டு. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராக விட்டு, உள்ளே பட்டன் அமுங்குவதை உணர்ந்து, சில விநாடிகள் பிடியுங்கள். அந்தத் துளை பேட்டரியைப் போர்டிலிருந்து துண்டிக்கும் வேலையைச் செய்கிறது. பக்கவாட்டில் இருக்கும் துளை அனேகமாக வேறு வேலைக்கானது. மைக் துளையில் கிளிப்பைக் குத்தினால் மைக் கிழியும்.

துளை இல்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை ஒரு முழு நிமிடம் பிடித்துப் பாருங்கள். சில மாடல்களில் பட்டனை நீண்ட நேரம் பிடித்தாலே ஈசி-யை ரீசெட் செய்யும் தனிச் சுற்று இருக்கிறது. டெல் மாடல்கள் சிலவற்றில் இது தலைகீழ், சார்ஜரை மாட்டி வைத்துக்கொண்டு 30 விநாடி பிடிக்க வேண்டும். அதனால் இரண்டு விதமாகவும் ஒவ்வொரு முறை செய்துவிடுங்கள்.

7. மூடியைத் திறந்து பேட்டரியைத் துண்டிப்பது

சார்ஜரைப் பிடுங்கிய பிறகே தொடங்குங்கள். அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, இருந்த இடத்துக்கு ஏற்றபடி வெள்ளைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வரும். மூடி வர மறுத்தால் நெம்பாதீர்கள், ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ ஒன்று பாக்கி இருக்கும். விளிம்பைப் பிரிக்க ஏடிஎம் கார்டு போதும்.

திறந்ததும் இரும்பு ஜன்னல் கம்பியையோ வேறு பெரிய உலோகத்தையோ ஒருமுறை தொட்டு, உடம்பின் நிலை மின்சாரத்தை விட்டுவிடுங்கள். பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயர்க்கட்டு கண்ணுக்குத் தெரியும். அதன் கனெக்டர் மாடலுக்கு மாடல் வேறு. சிலதில் மேலே ஒரு கம்பி வளையம் அல்லது தாழ்ப்பாள் இருக்கும், அதை முதலில் தூக்க வேண்டும். சிலது போர்டுக்கு இணையாக வெளியே இழுபடும். சிலது மேல்நோக்கி எழும்பும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், நகத்தாலோ கார்டின் மூலையாலோ இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஒரு சறுக்கலில் பேட்டரி முனைகள் இரண்டும் சேர்ந்துவிட்டால், அதுவரை நன்றாக இருந்த போர்டு உண்மையிலேயே போய்விடும்.

துண்டித்ததும் லேப்டாப்பைத் திருப்பிப் பவர் பட்டனை 30 விநாடி பிடியுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

8. திரும்பச் சேர்க்கும் வரிசை

வடிப்பதைச் சரியாகச் செய்துவிட்டு இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேட்டரியை மாட்டி, மூடியையும் மூடி, சார்ஜர் இல்லாமலேயே பட்டனை அமுக்குவார்கள். எழாது. பேட்டரியைத் துண்டித்துச் சேர்த்த பிறகு, சார்ஜர் வந்து தட்டி எழுப்பும்வரை மின்சாரம் தராமல் பூட்டிக்கொள்ளும் மாடல்கள் நிறைய உண்டு. அதுதான் அதன் இயல்பு என்று தெரியாமல் 'இதுவும் பண்ணிப் பாத்தாச்சு, போர்டுதான்' என்று எழுதிவிடுவார்கள்.

பேட்டரியைச் சேர்க்காமல், அடாப்டரை மட்டும் முதலில் மாட்டுங்கள். பட்டனை உடனே அமுக்காமல் சார்ஜ் விளக்கையும் அடாப்டர் விளக்கையும் பத்து விநாடி பாருங்கள். பிறகு ஒருமுறை அமுக்குங்கள். எழுந்தால் ஈசி தெளிந்துவிட்டது. அணைத்துவிட்டு, அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியைச் சேர்த்து, மறுபடி அடாப்டரை மாட்டுங்கள். இப்போது சார்ஜ் விளக்கு வர வேண்டும். பேட்டரி இல்லாமல் எழுந்தது, பேட்டரி சேர்த்ததும் எழவில்லை என்றால் குற்றவாளி பேட்டரிதான்.

பேட்டரி இல்லாமல் எழவே எழாத மாடல்களும் இருப்பதால், அடாப்டர் மட்டும் வைத்து ஒன்றும் நடக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். பேட்டரியைச் சேர்த்து, அடாப்டரை மாட்டி, அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். அடியோடு இறங்கிய பேட்டரிக்கு முதலில் மிகக் குறைந்த கரண்ட்தான் ஏறும். பீரோவில் மாதக்கணக்கில் கிடந்த லேப்டாப் எழுவதற்கு இந்தக் காத்திருப்பு ஒன்றே போதுமானதாக இருக்கும்.

சார்ஜ் விளக்கு எரிகிறது, பட்டனுக்கு மட்டும் பதில் இல்லை என்றால், சமீபத்தில் கீபோர்டு மாற்றினார்களா என்று கேளுங்கள். பல மாடல்களில் பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கிறது. அதன் பட்டை ஒயர் சரியாக உட்காராவிட்டால் பட்டன் வேலை செய்யாது.

9. புளியரை டீச்சரின் லேப்டாப்

புளியரைப் பக்கம் ஒரு டீச்சர், பேட்டரி உள்ளே இருக்கும் பதினைந்து அங்குல லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். மூடியை மூடித் தூக்க நிலையில் சார்ஜில் விட்டிருக்கிறார், இரவு முழுக்கக் கரண்ட் போய் வந்திருக்கிறது. வேறொரு கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "பிள்ளைங்க மார்க்கெல்லாம் இதுலதான் தம்பி இருக்கு" என்றார்.

அடாப்டரில் 19.5 என்று அச்சு, மீட்டரில் 19.4. லேப்டாப்பில் மாட்டியபோது அடாப்டர் விளக்கு அணையவில்லை, அதனால் ஷார்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். சார்ஜ் விளக்கு மட்டும் வரவில்லை. ஈசி தூங்குகிறது என்பதற்கு அதுவே தடயம். நல்ல அடாப்டர் மாட்டியிருந்தும் அது விளக்கைக்கூட எரிய வைக்கவில்லை. சார்ஜர் இல்லாமல் ஒரு நிமிடம் பட்டனைப் பிடித்ததில் மாற்றம் இல்லை. ஊசித்துளையும் இல்லை.

மூடியைத் திறந்து பேட்டரிக் கனெக்டரைத் துண்டித்து, பட்டனை 30 விநாடி பிடித்துவிட்டு ஐந்து நிமிடம் விட்டேன். அடாப்டரை மட்டும் மாட்டிப் பட்டனை அமுக்கியதும் மின்விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. டீச்சர் கை பட்டனுக்குப் போனது, தடுத்துவிட்டேன். இப்படி எழும் முதல் முறை, லேப்டாப் தன் ரேமை மறுபடி அளந்து பார்க்கும். அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். அதன் பிறகு கம்பெனி லோகோவும், தேதி நேரம் தவறு என்ற செய்தியும் வந்தன. நேரத்தைச் சரிசெய்து உள்ளே போனோம். பேட்டரியைச் சேர்த்து அடாப்டரை மாட்டியதும் சார்ஜ் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் வந்தது.

கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி அமுக்கி அணைத்திருந்தால், சரியாகிவிட்ட லேப்டாப்பையே செத்ததாகக் கணக்கு எழுதியிருப்போம். முதல் முறை குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பயாஸ் அமைப்புகள் அழிந்திருந்தால் விண்டோஸ் சில நேரம் BitLocker நீலத் திரையைக் காட்டி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். லேப்டாப்பில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அது இருக்கும். செல்போனில் இந்த முகவரிக்குப் போய் எடுக்கலாம்:

```
aka.ms/myrecoverykey
```

அலுவலகமோ பள்ளியோ தந்த லேப்டாப் என்றால், மூடியைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

10. இன்னும் எழவில்லை என்றால்

பேட்டரி துண்டித்தே இருக்கும்போது, போர்டில் வட்டமான காயின் செல் இருக்கிறதா என்று பாருங்கள். சில புதிய மாடல்களில் இருக்காது. இருந்தால் அதையும் ஐந்து நிமிடம் கழற்றிவைத்து, பட்டனை மறுபடி 30 விநாடி பிடியுங்கள். கூடவே ரேமைக் கழற்றி மறுபடி செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். ரேம் கோளாறுக்குப் பெரும்பாலும் விளக்காவது எரியும் என்பதால் நான் இதைக் கடைசியில்தான் செய்கிறேன்.

போர்டைச் சந்தேகிக்கும் இடம் இதுதான். பேட்டரி துண்டித்த நிலையிலும் அடாப்டர் விளக்கு அணைந்தால் சார்ஜர் ஜாக்கிலோ, உள்ளே வரும் மின்சாரத்தைத் திறந்துவிடும் மாஸ்ஃபெட்டிலோ, அதற்கடுத்த கெப்பாசிட்டரிலோ ஷார்ட். விளக்கு அணையாமல் இருந்தும் உயிர் வரவில்லை என்றால் ஜாக் விட்டுப்போயிருக்கலாம், ஈசி-க்கு வரும் 3 வோல்ட் லைன் உருவாகாமல் இருக்கலாம், ஈசி-யே கெட்டிருக்கலாம். கருகிய வாடையோ, பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்போ கண்ணில் பட்டால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் பல, ஒரு சின்னப் பாகத்தை மாற்றினாலே சரியாகக் கூடியவை. அதனால் முழு போர்டை மாற்றும் கடைக்குப் போகும் முன், சிப் அளவில் வேலை பார்க்கும் ஆளிடம் காட்டுங்கள். அவரிடம் 'ஆன் ஆகல' என்று மட்டும் சொல்லாமல், அடாப்டரில் எத்தனை வோல்ட் வந்தது, மாட்டியதும் அதன் விளக்கு அணைந்ததா, பேட்டரி இல்லாமல் என்ன ஆனது, சார்ஜ் விளக்கு எப்போதாவது வந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த லைனில் மீட்டரை முதலில் வைப்பது என்று அவர் அதைப் பார்த்தே முடிவுசெய்வார்.